துரு ஏறிய டாய்லெட் சீட் போல்ட்டை பீங்கான் கீறாமல் அறுப்பது எப்படி?

[காட்சி: ஏற்காட்டில் ஒரு வீட்டின் குளியலறை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. வெஸ்டர்ன் டாய்லெட்டின் சீட் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.]

வணக்கம். இது என் சித்தப்பா வீடு. ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு. சீட் உடைந்துவிட்டது, புதிது மாட்டிக் கொடு என்று கூப்பிட்டார். பத்து நிமிட வேலை என்று நினைத்து ஒரு ஸ்பேனரை மட்டும் எடுத்துக்கொண்டு சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். வந்து பார்த்தால் இதுதான் நிலைமை.

[காட்சி: டாய்லெட்டின் பின்பக்க அடிப்பகுதி. கேமரா கீழிருந்து மேலே. செம்பழுப்பு நிறத்தில் உப்பிய நட்டு.]

மேலே பார்த்தால் பளபளவென்று குரோம் பூசிய கீல். கீழே பார்த்தால் நட்டு எது, போல்ட் எது என்றே தெரியவில்லை. குரோம் எல்லாம் மேலே தெரிகிற பிளாஸ்டிக் கீலுக்குத்தான், போல்ட்டும் நட்டும் சாதா இரும்பு. டாய்லெட் கழுவ ஊற்றுகிற அமில கிளீனரும் தண்ணீரும் போல்ட் ஓட்டை வழியாகக் கசிந்து, வாஷருக்கு அடியிலேயே தங்கிவிடும். மலையில் ஈரம் லேசில் காயாது. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த உப்பல்தான் மரையை இறுக்கிப் பூட்டிவிடுகிறது.

முதலில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விட்டோம். காலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால், வலது பக்கத்தில் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றியது. போல்ட்டின் தலை பிளாஸ்டிக் கீலுக்குள் ஒரு சதுரப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளம் தேய்ந்துபோனால் பிடிமானம் போய்விடும், எவ்வளவு திருப்பினாலும் நட்டு கழலாது. இடது பக்கம் அசையவே இல்லை.

அப்போது சித்தப்பா சுத்தியலோடு வந்தார். "ஒரு தட்டு தட்டினா வந்துரும் கண்ணு" என்றார்.

"சித்தப்பா, முதல்ல அதை வெளிய வச்சிட்டு வாங்க" என்றேன்.

சொல்வதற்கு எனக்குத் தகுதி உண்டு. சில வருஷத்துக்கு முன் அம்மாப்பேட்டையில் என் வீட்டு டாய்லெட்டில் இதே போல்ட்டுக்கு உளி வைத்து நானே தட்டினேன். மூன்றாவது அடியில் ஓட்டையைச் சுற்றிப் பீங்கான் அரை வட்டமாகப் பெயர்ந்து கையில் வந்தது. பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. தீ வைத்துச் சூடாக்குவதும் அப்படித்தான், ஒரே இடம் சூடானால் விரிசல் விடும். கிரைண்டர் வேகமாக வெட்டும், ஆனால் பறக்கிற பொறி மேல்பூச்சில் ஒட்டிக்கொண்டு பிறகு துருப் புள்ளியாகத் தெரியும். அதன் வெட்டும் தட்டு கொஞ்சம் நழுவினாலோ கேட்கவே வேண்டாம். மெதுவாகப் போனாலும் கையால் அறுப்பதுதான் இங்கே சரி.

[காட்சி: மேசை மேல் ஆக்சா பிளேடு, சாணைக்கல், மாஸ்கிங் டேப், பழைய ஏடிஎம் அட்டை, பழைய துணி, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.]

பிளேடு 12 அங்குல நீளம். அங்குலத்துக்கு 24 பல் இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பெரிய பல் இந்த எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டி மாட்டிக் குதிக்கலாம். வளைந்து கொடுக்கிற பைமெட்டல் பிளேடாக இருக்கட்டும், முழுக்க விறைப்பானது இந்த இடுக்கில் பட்டென்று ஒடிந்துவிடும். இது எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். பிளேடின் பற்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

[காட்சி: பிளேடின் விளிம்பு, மிக நெருக்கத்தில்.]

பற்கள் நேராக இல்லை. சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்து அலை மாதிரி போகின்றன. பிளேடு இறுகாமல் ஓட இந்த விரிப்பு வேண்டும். ஆனால் பிளேடைப் பீங்கானில் படுக்கவைத்தால் தட்டையான உடம்பு அதைத் தொடாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல் முனைகள்தான் தொடும். கீறல் வருவது அங்கேதான்.

அதனால் பிளேடின் ஒரு பக்கத்தைச் சாணைக்கல்லில் தட்டையாக வைத்து, பற்கள் இருக்கிற ஓரத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள். இருபது, முப்பது தடவை போதும். விரலை அந்தப் பக்கம் குறுக்கே மெல்ல ஓட்டினால் முனை தட்டுப்படக் கூடாது. மறுபக்கத்தைத் தொட வேண்டாம். தேய்த்த பக்கம் கீழே, பீங்கானைப் பார்த்து. விரிப்பு இருக்கிற பக்கம் மேலே. இதில் இன்னொரு லாபம், பிளேடு எப்போதும் விரிப்பு இருக்கிற பக்கமாகத்தான் நகரப் பார்க்கும். அதாவது அறுக்க அறுக்க அது தானாகவே பீங்கானைவிட்டு மேலே ஏறும்.

[காட்சி: டாய்லெட் துவாரத்தில் பழைய துணி சுருட்டி வைக்கப்படுகிறது.]

உள்ளே ஒரு துணியைச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஒரு நட்டு உருண்டு வளைவுக்குள் போனால் அது தனி வீடியோ. கிளீனர் போட்ட இடமாக இருந்தால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் டேப் ஒட்டாது. ஹெல்த் ஃபாசெட் குழாயைத் தள்ளிக் கட்டிவையுங்கள், பிளேடு வழுக்கினால் முதலில் அறுபடுவது அதுதான்.

[காட்சி: கீலுக்கும் பீங்கானுக்கும் இடையில் கத்தி முனை. கறுப்பு வாஷர் துண்டு துண்டாக வெளியே வருகிறது.]

கீலுக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். இங்கே மூன்று மில்லிமீட்டர் தடிமன். அதைக் கத்தியால் கிழித்து எடுங்கள். நமக்கு வேண்டிய சந்து இதுதான். போல்ட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. ஆனால் டேப் மட்டும் போதாது, நாலு இழுப்பில் பிளேடு அதைத் தின்றுவிடும். காலாவதியான ஏடிஎம் அட்டையில் போல்ட் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு வெட்டி, பின்பக்கமிருந்து தள்ளி, போல்ட்டைச் சுற்றி உட்கார வையுங்கள். அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர், பிளேடு அறுக்கும் அகலம் சுமார் ஒன்று. மூன்று மில்லிமீட்டர் சந்தில் இரண்டும் போக இடம் மிச்சம்.

வாஷரே இல்லாமல் கீல் நேராகப் பீங்கானில் உட்கார்ந்திருந்தால் சந்து தேடாதீர்கள். பழைய சீட் குப்பைக்குத்தானே போகிறது? கீலின் பிளாஸ்டிக்கை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டு, வெளியே தெரிகிற போல்ட்டை அறுக்கலாம்.

[காட்சி: டாய்லெட்டின் இடது பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்தபடி. சீட் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.]

பிளேடின் ஒரு நுனியில் துணியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன், அதுதான் கைப்பிடி. பற்கள் என் கையைப் பார்த்திருக்கும்படி பிடிக்கிறேன். ஃபிரேம் இல்லாத பிளேடைத் தள்ளினால் வளையும், இழுத்தால் விறைப்பாக நிற்கும். அதனால் இழுக்கும்போது அறுக்க வேண்டும், திரும்பிப் போகும்போது அழுத்தக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய், பத்து சென்டிமீட்டர் இழுப்பு, அவசரமே இல்லை.

அட்டைமேல் விழுகிற தூளைக் கவனியுங்கள்.

[காட்சி: நீல அட்டை. அதன்மேல் கறுப்புத் தூள். நெருக்கத்தில்.]

இந்த அட்டை நீலம். தூள் கறுப்பாக இருக்கும்வரை இரும்பு மட்டும் அறுபடுகிறது என்று அர்த்தம். நீலம் கலந்து வந்தால் கையைக் கீழே அமுக்குகிறீர்கள். நிறுத்தி, பிளேடைக் கீழே அமுக்காமல் நேராக்கிக்கொள்ளுங்கள். எனக்கு நடுவில் ஒருமுறை நீலம் வந்தது. முதுகு வலித்துக் கை தானாகச் சரிந்திருக்கிறது. ஐந்து நிமிடம் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

முக்கால்வாசி அறுபட்டதும் ஆசை வரும், சீட்டைப் பிடித்து ஆட்டி ஒடித்துவிடலாம் என்று. வேண்டாம். அந்த நெம்பு முழுக்க ஓட்டையின் விளிம்பில் போய் இறங்கும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து அறுங்கள். கடைசி இழுப்பில் பிளேடு சட்டென்று பின்னால் பாயும், அது தட்டுகிற இடத்தில் ஒரு துணி மடித்து வையுங்கள்.

[ஒலி: 'டங்'. கீழே வைத்த பிளாஸ்டிக் மக்கில் நட்டோடு போல்ட் விழுகிறது.]

இடது போல்ட்டுக்குப் பதினெட்டு நிமிடம்.

வலது பக்கம் போல்ட் சுற்றுகிறதே, பிளேடோடு சேர்ந்து சுற்றாதா? சுற்றும். அதனால் கீழே நட்டை வைஸ் கிரிப்பால் கடித்துப் பிடித்து, அதன் கைப்பிடி பீங்கானில் இடிக்காமல் துணி சுற்றி, சித்தப்பாவிடம் கொடுத்தேன். சுத்தியல் பிடிக்க வந்தவருக்கு இதுவும் ஒரு வேலைதானே. அவர் அசையாமல் பிடிக்க, நான் இழுக்க, பதினைந்து நிமிடத்தில் அதுவும் விழுந்தது.

[காட்சி: காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தூளைப் பொறுக்குகிறார்.]

தூளைத் துடைக்காதீர்கள். ஈரத் துணியால் தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும், தரையில் விட்டாலோ நாளைக்குத் துருக்கறை. கவரில் சுற்றிய காந்தத்தால் பொறுக்கிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு டேப்பை உரியுங்கள்.

இங்கே பாருங்கள், ஒரு சாம்பல் கோடு. இது கீறலா? நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் கீறல், அதை ஒன்றும் செய்ய முடியாது. மாட்டாமல் வழுக்கினால் இரும்பு உரசி ஒட்டியிருக்கிற கறை, ஆக்ஸாலிக் அமிலம் உள்ள கிளீனரால் போய்விடும். இது வழுக்குகிறது.

[காட்சி: புதிய சீட் மாட்டப்படுகிறது.]

புது சீட் வாங்கும் முன் இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை எவ்வளவு, அங்கிருந்து முன்விளிம்பு வரை எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறை நைலான் போல்ட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நல்லதுதான், ஆனால் மரையில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். கையால் இறுக்கி, நின்ற இடத்திலிருந்து கால் சுற்று, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ரப்பர் அமர்ந்து லேசாகத் தளரும், அப்போது இன்னொரு கால் சுற்று. சித்தப்பாவுக்கு அதைக் கையாலேயே செய்யச் சொல்லிக் காட்டிவிட்டு, ஸ்பேனரை என்னோடு கீழே எடுத்து வந்துவிட்டேன்.