ஆர்டருக்கு 156 ரூபாய் மிச்சமா? 47 தான்!

வணக்கம். 699 ரூபாய்க்கு ஒரு காட்டன் குர்தி. கேஷ் ஆன் டெலிவரி. உங்கள் எக்ஸெல் ஷீட் 156 ரூபாய் மிச்சம் என்கிறது. மாசக் கடைசியில் பேங்கைப் பார்த்தால் அந்தப் பணம் இல்லை. எங்கே போனது?

வாடகை, சம்பளத்துக்கு முன்னால் ஒரு ஆர்டர் நம் கையில் விட்டுப்போவதுதான் கான்ட்ரிபியூஷன் மார்ஜின். விளக்கம் அவ்வளவுதான், கணக்குக்கு வருவோம்.

[திரையில்: 666 − 260 − 15 − 70 − 35 − 130 = 156]

699-இல் 5 சதவீத ஜி.எஸ்.டி. நம் பணமே இல்லை, கழித்தால் 666. துணி 260, பேக்கிங் 15, கூரியர் 70, சி.ஓ.டி. கட்டணம் 35, விளம்பரம் 130. மீதி 156. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் இது வாடிக்கையாளர் கதவைத் திறந்து பணம் கொடுத்த ஆர்டரின் கணக்கு மட்டும்.

இப்போது நம் வில்லன்: ஆர்.டி.ஓ. லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் இல்லைங்க! டெலிவரி ஆகாமல் நம்மிடமே திரும்பி வரும் பார்சல். 100 அனுப்பினோம், 25 திரும்பின என்று வையுங்கள்.

திரும்பிய ஒரு பார்சலுக்குப் போன கூரியர் 70, வந்த கூரியர் 60, பேக்கிங் 15. விளம்பரம் 130-உம் போச்சு. ஆர்டர் போட்டதுமே விளம்பரத் தளம் அதை விற்பனை என்று எண்ணிவிடும், திரும்பி வந்தது அதற்குத் தெரியாது. அப்புறம் 25-இல் 5 குர்தி அழுக்காகி, கசங்கி, மறுபடி விற்க முடியாமல் வரும். அந்த 5 குர்தியின் துணி விலை 1,300 ரூபாயை 25-க்கும் பிரித்தால் பார்சலுக்கு 52. மொத்தம் 327 ரூபாய். அதாவது ஒரு பார்சல் திரும்பினால் இரண்டு டெலிவரியின் மிச்சத்தையும் விழுங்கி, மேலே 15 ரூபாய் கேட்கிறது! எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

[திரையில்: 75 × 156 − 25 × 327 = 3,525]

75-ஆல் வகுத்தால் டெலிவரி ஆன ஆர்டருக்கு 47. இதே விலையில் 33 பார்சல் திரும்பினால் கைநட்டம். அப்போது விளம்பரத்தைக் கூட்டினால் நட்டமும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. போன வார ஆர்டர்களை வைத்து இதைப் போடாதீர்கள். திரும்பும் பார்சல் வந்து சேர நாளாகும், அதுவரை கணக்கு அழகாகத்தான் தெரியும். மூன்று நான்கு வாரம் பழைய ஆர்டர்களை எடுங்கள். வாங்கியபின் சைஸ் சரியில்லை என்று திருப்புவது தனிக் கணக்கு, அதற்கு இன்னொரு வீடியோ.

முன்பணம் கட்டுபவருக்கு 40 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால்? ஜி.எஸ்.டி. போக நமக்குக் குறைவது 38. சி.ஓ.டி. கட்டணம் 35-க்குப் பதில் பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதம், சுமார் 13 தான். ஆக டெலிவரி ஆன ஆர்டரில் 140 நிற்கிறது, பணம் கட்டியவர் பார்சலை மறுப்பதும் குறைவு. உங்கள் கடையில் நூற்றுக்கு எத்தனை திரும்புகிறது? கமெண்டில் எண்ணை மட்டும் போடுங்கள்.