ஜிபேயைத் திறந்தால் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அதிகம் சொல்லும் குறை, "போன் ஸ்லோவா இருக்கு." கூடவே காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: நெட்டு சரியில்லை, ரேம் பத்தவில்லை. மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அக்கா வந்தார். "தம்பி, சிம்மை ரெண்டு தடவை மாத்திட்டேன். காசு வந்துச்சான்னு பாக்க ஆப்பைத் தொறந்தா சுத்திக்கினே கீது, அதுக்குள்ள அடுத்த ஆளு வந்து நிக்கிறான்பா" என்றார். அவருடைய மகனின் போனும் கையில் இருந்தது. ஏறக்குறைய அதே விலை, அதே 4 ஜிபி ரேம். அது மட்டும் சட்டென்று திறக்கிறதாம்.

இரண்டு போனையும் ரீஸ்டார்ட் செய்தேன். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆப்பைத் தள்ளி மூடிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பது சோதனையே ஆகாது. போன் ஏற்கெனவே படித்த ஃபைல்களை ரேமில் வைத்திருக்கும், அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். அதனால்தான் ரீஸ்டார்ட். செய்துவிட்டு இரண்டு நிமிடம் விட்டேன், ஏரோப்ளேன் மோடு போட்டேன், அப்புறம் ஆப்பைத் தொட்டேன். நெட்டே இல்லாதபோது நெட்டைக் குறை சொல்ல முடியாதல்லவா? முதல் திரை வர அக்கா போனில் ஒன்பது விநாடி ஆனது, மகன் போனில் நான்கு. இரண்டாவது முறை திறந்தபோது இரண்டிலும் பெரிய வித்தியாசமே இல்லை.

அப்படியென்றால் குறை முதல் தடவை படிப்பதில், அதாவது ஸ்டோரேஜில் இருக்கிறது. அக்கா போனில் இருப்பது இஎம்எம்சி, மகன் போனில் யுஎஃப்எஸ். இரண்டுமே போன் போர்டில் ஒட்டிய மெமரி சிப்தான். வேறுபடுவது, அது பிராசஸரோடு பேசும் வழி.

எங்கள் பக்கத்துச் சந்துகளில் ஒரு மீன்பாடி வண்டி உள்ளே போனால், எதிரே வருகிற வண்டி சந்துமுனையில் நிற்க வேண்டும். இஎம்எம்சி அப்படித்தான். ஒரு நேரத்தில் படிக்கும், அல்லது எழுதும். இரண்டும் சேர்ந்து நடக்காது. யுஎஃப்எஸ்ஸில் போக ஒரு வழி, வர ஒரு வழி. ஒரே சமயத்தில் பல வேலைகளை வாங்கிக்கொண்டு, எதை முதலில் முடித்தால் சுலபம் என்று பார்த்துச் செய்யும். 2015-இல் வந்த இஎம்எம்சி 5.1-லும் வேலைகளை வரிசைப்படுத்தும் வசதி சேர்ந்தது. ஆனால் சந்து அதே ஒற்றைச் சந்துதான்.

ஆப் திறப்பதென்றால் ஒரு பெரிய ஃபைலை மொத்தமாகப் படிப்பது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நிரலில் ஒரு துண்டு, படம், எழுத்துரு, உங்கள் கணக்கு விவரம் இருக்கும் சின்ன டேட்டாபேஸ் என்று, 4 கேபி போன்ற சிறு துண்டுகளாக ஆயிரக்கணக்கில் அங்கங்கே தேடிப் படிக்கிறது. இஎம்எம்சிக்கு விநாடிக்கு 400 எம்பி, யுஎஃப்எஸ் 2-க்கு ஏறத்தாழ 1,200 எம்பி என்று அட்டவணையில் போடுவது, வழியில் அதிகபட்சம் போகக்கூடிய அளவு. சினிமா காப்பி செய்ய அது உதவும். ஆப் திறக்க, இந்தச் சிறு துண்டுகளை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறது என்பதுதான் கணக்கு.

அக்காவுக்கு ஏன் காலையில் மட்டும் அதிகத் தொல்லை? விடிகாலையில் போன் சார்ஜில் கிடக்கும்போது பிளே ஸ்டோர் ஆப்களை அப்டேட் செய்கிறது. அந்த எழுத்துவேலை ஓடும்போதே அவர் ஆப்பைத் திறக்கிறார். ஒற்றைச் சந்தில் எதிர் வண்டி! போதாததற்கு ஸ்டோரேஜ் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. காலி இடம் குறைந்தால், எழுதுவதற்கு முன் சிப் உள்ளேயே பழையதை நகர்த்தி இடம் ஒழிக்க வேண்டும். படிக்க வந்த வேலை அதுவரை காத்திருக்கும். வீடியோக்களை அழித்து, ஆட்டோ அப்டேட்டை நிறுத்தி, வாரம் ஒருமுறை ராத்திரியில் கையால் போடச் சொன்னேன். காலைத் தொல்லை பெரும்பாலும் போனது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகான ஒன்பது விநாடி மட்டும் ஏழுக்குக் கீழே இறங்கவில்லை.

"சிப்பை மாத்திக் குடேன்பா" என்றார். முடியாது அக்கா. யுஎஃப்எஸ்ஸுக்குப் போர்டில் இணைப்பே வேறு, பிராசஸரும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள், வாங்கும்போது பார்க்க வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் 128 ஜிபி என்று இருக்கும், எந்த வகை என்று பெரும்பாலும் இருக்காது. கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் பாருங்கள். 2017-இல் ஹுவாவே பி10 என்ற ஒரே மாடலுக்குள்ளேயே சில போனில் இஎம்எம்சி, சில போனில் யுஎஃப்எஸ் வந்தது. அதனால் கையில் வந்த போனையும் பார்ப்பது நல்லது. மெமரி கார்டைக் கழற்றிவிட்டு, போன் விவரம் காட்டும் ஆப் ஏதாவது ஒன்றில் ஸ்டோரேஜின் பெயரைத் தேடுங்கள். mmcblk0 என்று வந்தால் இஎம்எம்சி, sda என்று வந்தால் யுஎஃப்எஸ். கார்டைக் கழற்ற மறக்காதீர்கள், கார்டும் mmcblk என்றுதான் வரும். வணக்கம்.