கெட்டில்பெல் ஸ்விங்: கை தூக்கக் கூடாது, கை வெறும் கயிறு

எல்லாருக்கும் வணக்கம், இன்னைக்கு ஒரே ஒரு எக்சர்சைஸ் பத்தி மட்டும்தான் பேசப் போறேன், கெட்டில்பெல் ஸ்விங், அதாவது கைப்பிடி வச்ச இரும்பு குண்டை ரெண்டு கையால புடிச்சு காலுக்கு நடுவுலேருந்து நெஞ்சு உயரத்துக்கு வீசறது. அதுலயும் ஒரே ஒரு விஷயம், அந்த வெயிட்டை எது மேல அனுப்புதுங்கறது. ஏன்னா பத்து பேர் ஸ்விங் பண்றத பாத்தா அதுல ஆறேழு பேர் கையால தூக்கிட்டு இருக்காங்க, கேட்டா தோள்பட்டை வலிக்குது, அடி முதுகு பிடிக்குதுன்னு சொல்றாங்க.

என் கூட ஒர்க்கவுட் பண்ற ஒரு தோழி இருக்காங்க, அவங்களும் இதேதான் சொன்னாங்க. எட்டு கிலோ பெல், பத்து ரெப் பண்ணா தோள் எரியுது, மறுநாள் காலைல முதுகு இறுக்கமா இருக்கு, ஆனா பின்பக்கம் ஒண்ணுமே தெரியல. சரி பண்ணுங்க பாக்கலாம்னு சைடுல நின்னு போன்ல ஸ்லோ மோஷன் எடுத்தேன். பாத்தா முட்டி நல்லா முன்னாடி போகுது, ஸ்குவாட் மாதிரி கீழ உக்காந்து எழுந்திரிக்கிறாங்க, பெல் முட்டிக்குக் கீழ வரைக்கும் தொங்குது, எழுந்து நின்ன அப்புறம் கையால தனியா ஒரு இழு இழுக்கறாங்க. ரெண்டு வேலையா நடக்குது. முதல்ல எழுந்திரிக்கிறது, அப்புறம் தூக்கறது. ஸ்விங்ல அந்த ரெண்டாவது வேலையே கிடையாது.

இங்கதான் நம்ம தமிழ் வார்த்தையே கொஞ்சம் குழப்புது. "இடுப்பை மடக்குங்க"ன்னு சொன்னா நாம பெல்ட் கட்ற இடத்தைத்தான் இடுப்புன்னு நினைக்கிறோம், அங்க மடக்கினா முதுகுதான் வளையும். மடங்க வேண்டிய இடம் அது இல்ல. இப்ப எழுந்து நில்லுங்க, ரெண்டு கையோட ஓரத்தையும், அந்த சுண்டுவிரல் பக்கத்தை, தொடையும் அடிவயிறும் சேர்ற மடிப்புல வச்சு உள்ள அழுத்துங்க. அழுத்திக்கிட்டே பின்பக்கத்தை நேரா பின்னாடி தள்ளுங்க. கை அந்த மடிப்புக்குள்ள மாட்டிக்குதா? அதுதான் கீல், கதவுக்கு இருக்கற கீல் மாதிரி. கதவு நடுவுல வளையாது, கீல்ல மட்டும்தான் திரும்பும், அதே மாதிரி தலைலேருந்து வால் எலும்பு வரைக்கும் ஒரே பலகையா இருக்கணும். முட்டி லேசா மடங்கலாம், ஆனா முன்னாடி ஓடக் கூடாது, முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கணும். சரியா பண்ணா தொடைக்குப் பின்னாடி, ஹாம்ஸ்ட்ரிங்ல, ரப்பர் இழுக்கற மாதிரி ஒரு இறுக்கம் வரும். அது வரலன்னா நீங்க உக்கார்றீங்கன்னு அர்த்தம்.

இது பிடிபடலன்னா சுவத்துக்கு முதுகு காட்டி ஒரு அடி தள்ளி நின்னு பின்பக்கத்தால சுவத்தை தொடுங்க, தொட்டதும் திரும்ப நில்லுங்க, ஈசியா இருந்தா இன்னும் ரெண்டு இஞ்ச் தள்ளி நில்லுங்க. என் தோழிக்கு மூணு நாள் இது மட்டும்தான், பெல்லையே தொட விடல.

இப்ப பெல்லுக்கு வருவோம். பெல்லை காலுக்கு நடுவுல வைக்காதீங்க, ஒரு அடி முன்னாடி வைங்க. பின்னாடி தள்ளி கீல்ல மடங்கி கைப்பிடியை புடிச்சு பெல்லை உங்க பக்கமா லேசா சாய்ச்சுக்கோங்க, தோளை காதுகிட்ட விடாம கீழ இறக்கி அக்குளை இறுக்குங்க. அங்கேருந்து பெல்லை ரெண்டு தொடைக்கும் நடுவுல பின்னாடி வேகமா அனுப்பணும், முட்டிக்கு மேல, நல்லா உசரத்துல, முன்னங்கை உள்தொடைல போய் ஒட்டற அளவுக்கு. அந்த இடத்துல கை தொடைல இடிக்கும்போதுதான் உடம்போட வேகம் பெல்லுக்குப் போகும், முட்டிக்குக் கீழ தொங்க விட்டா அந்த இணைப்பே விட்டுப் போயிடும், எல்லா பாரமும் அடி முதுகுக்கு வந்துரும்.

அங்கேருந்து பாதத்தை தரைல அழுத்தி ஒரே வெட்டுல எழுந்து நில்லுங்க. மெதுவா எழுந்திரிச்சா வேலைக்கு ஆகாது, இது வேகமான கீல். மேல வந்ததும் குளூட்ஸை, அதாவது பின்பக்கத் தசையை, நல்லா இறுக்குங்க, முட்டி நேரா, வயிறு டைட்டா, வாயால "ஹஸ்"னு ஒரு சின்ன மூச்சு வெளிய. நின்னதும் உங்க வேலை முடிஞ்சுது. பெல் தானா மிதந்து மேல போகும், நெஞ்சு உயரத்துக்கு வந்து ஒரு நொடிக்கும் கம்மியா எடையே இல்லாத மாதிரி நிக்கும். கை என்ன பண்ணுது? ஊஞ்சல்ல கயிறு என்ன பண்ணுது? கயிறு ஊஞ்சலை தள்றது இல்ல, பாதையை மட்டும் காட்டுது, கையும் அவ்வளவுதான். நெஞ்சு வரைக்கும் வரலையா, தொப்புள் உயரத்தோட நிக்குதா, விடுங்க, மீதியை கையால தூக்கி முடிக்கவே முடிக்காதீங்க.

நிறைய பேர் இன்னொன்னு பண்றாங்க, மேல வந்ததும் பின்னாடி சாயறாங்க. அது குளூட்ஸ் பண்ண வேண்டிய வேலைய அடி முதுகு பண்ற இடம். நேரா நிக்கறதோட நிறுத்துங்க.

இறங்கும்போதுதான் பொறுமை வேணும், எனக்கே இது புரிய ரொம்ப நாள் ஆச்சு. பெல் கீழ வர ஆரம்பிச்சதும் நாமளும் கூடவே குனிஞ்சுடறோம், அப்ப பெல் தொலைவுல இருந்து முதுகை முன்னாடி இழுக்குது. அப்படி பண்ணாம நின்னுக்கிட்டே இருங்க, மேல்கை விலாவுல ஒட்டி, முன்னங்கை கிட்டத்தட்ட தொடை மடிப்பைத் தொடப் போகுதுங்கற வரைக்கும் நில்லுங்க, கடைசி நேரத்துல பின்பக்கத்தை பின்னாடி தள்ளி வழி விடுங்க.

இதெல்லாம் சரியா நடக்குதான்னு எப்படித் தெரியும்? ஒரு துண்டு எடுங்க, கைப்பிடி வழியா விட்டு ரெண்டு முனையையும் சேத்து கெட்டியா புடிச்சு ஸ்விங் பண்ணுங்க, சுத்தி யாரும் இல்லாம பாத்துக்கோங்க. பெல் மேல வரும்போது கை, துண்டு, பெல் மூணும் ஒரே நேர்கோட்டுல நீண்டுச்சுன்னா அது கீல்லேருந்து வந்த வேகம். கை மேல இருக்கு, பெல் மட்டும் துண்டு முனைல கீழ தொங்குதுன்னா கை தூக்குது. என் தோழிக்கு முதல் நாள் அப்படியே தொங்குச்சு, அதைப் பாத்த அப்புறம்தான் நான் சொன்னதையே நம்புனாங்க.

அப்புறம் நான் எடையை ஏத்தினேன், குறைக்கல. எட்டு கிலோவை கையால ஏமாத்தித் தூக்கிடலாம், அதனால உடம்பு பின்பக்கத்தை வேலைக்கு கூப்பிடவே இல்ல. சுவர்ல கீல் சரியா வந்த பிறகு பன்னெண்டு கிலோ, ஒரு ஸ்விங் பண்ணு, தரைல வை, மூச்சு விடு, மறுபடி ஒண்ணு, இப்படி அஞ்சு. ரெண்டு வாரம் கழிச்சு பதினாறு, தொடர்ச்சியா பத்து. தோள் எரிச்சல் போச்சு, மறுநாள் வலி பின்பக்கத்துலயும் ஹாம்ஸ்ட்ரிங்லயும்தான். கீல் வராதவங்க இதைப் பாத்து நேரா பதினாறு எடுக்காதீங்க, ஏற்கனவே டிஸ்க் பிரச்சனை இருக்கறவங்க பிசியோகிட்ட காட்டிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

செட்ல எப்ப நிறுத்தணும்னா, பெல் வர்ற உயரம் குறைய ஆரம்பிச்சாலோ பிடி வழுக்க ஆரம்பிச்சாலோ அதோட நிறுத்துங்க, எத்தனாவது ரெப்பா இருந்தாலும் சரி. அந்த கடைசி ரெப் முடிஞ்சதும் அப்பாடான்னு முதுகை வளைச்சு பெல்லை போட்றாதீங்க, பெல் பின்னாடி போயிட்டு முன்னாடி வரும்போது கீல்லயே இருந்துகிட்டு, எடுத்த அதே இடத்துல, ஒரு அடி முன்னாடி வச்சிட்டு அப்புறமா நிமிருங்க.