பச்சிளங்குழந்தையின் தோலில் புள்ளிகள், திட்டுகள்: எதை விட்டுவிடலாம், எதைக் காட்ட வேண்டும்?

[திரையில்: சன்னல் ஓரம், பகல் வெளிச்சம். விரிப்பில் படுத்திருக்கும் குழந்தையின் வரைபடம். குரல் சொல்லும் இடங்கள் ஒவ்வொன்றாக வட்டமிடப்படுகின்றன.]

பிறந்து 20 நாளான ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். நிறைமாதத்தில் பிறந்தவள். நன்றாகப் பால் குடிக்கிறாள், எடையும் ஏறுகிறது. ஆனால் குளிப்பாட்டும்போது தோலில் ஏதேதோ தெரிகிறது. மூக்கில் வெள்ளைப் புள்ளிகள். இரண்டு நாளாகக் கன்னத்தில் சிவந்த பருக்கள். இமையிலும் பிடரியிலும் இளஞ்சிவப்புத் திட்டு. முதுகின் அடியில் நீலத் திட்டு. வலது கணுக்காலில் இன்னொரு சின்ன நீலத் திட்டு.

முதல் நான்குக்கும் மருந்து வேண்டாம். கணுக்காலில் இருப்பதை மட்டும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் வருவோம்.

தொடங்கும் முன் ஒன்று: பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் சிவப்பும் நீலமும் சரியாகத் தெரியாது. மாநிறக் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

[திரையில்: மூக்கின் அண்மைக் காட்சி. 1 மில்லிமீட்டர் அளவுகோல் பக்கத்தில்.]

மூக்கு, கன்னம், முகவாயில் ரவை அளவில் தெரியும் இந்த வெள்ளை மணிகளுக்கு மிலியா என்று பெயர். ஒவ்வொன்றும் 1 முதல் 2 மில்லிமீட்டர் இருக்கும். சுற்றிலும் சிவப்பு இருக்காது. பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது உண்டு. உள்ளே இருப்பது பாலும் இல்லை, சீழும் இல்லை. தோல் உதிர்க்கும் கெரட்டின் என்ற புரதம் வெளியே வர வழியில்லாமல் மேல்தோலுக்கு அடியில் சின்ன உருண்டையாகத் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

வழியில்லை என்பதால்தான் பிதுக்கினாலும் ஒன்றும் வராது. நகம் பட்ட இடம் புண்ணாகி, கிருமி நுழையத்தான் வழி கிடைக்கும். விட்டுவிட்டால் சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும். சில குழந்தைகளுக்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

இதே மணிகள் வாய்க்குள்ளும் வரும், மேலண்ணத்தின் நடுக்கோட்டிலோ ஈறிலோ. ஈறில் இருப்பதைப் பார்த்துப் பல் முளைத்துவிட்டது என்று வீட்டில் பேச்சு கிளம்பும். துணி வைத்துத் தேய்க்கவோ, தேன் தடவவோ வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் எந்த வடிவத்திலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் அளவுக்குக் குழந்தையின் குடல் இன்னும் தயாராகவில்லை.

[திரையில்: கன்னம். சிவந்த மேடுகள், சிலவற்றின் நுனியில் வெள்ளை. கீழே நாள்காட்டி: 2 முதல் 4 வாரம்.]

இப்போது கன்னத்துப் பருக்கள். இங்கே முதலில் கேட்க வேண்டியது, எப்போது வந்தது என்பதுதான். மிலியா பெரும்பாலும் பிறக்கும்போதே இருக்கும். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பெல்லாம் சிவந்து, நடுவில் மஞ்சள் புள்ளியோடு வந்து, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும் தடிப்பு வேறு. அதுவும் தீங்கற்றது, ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். இந்தக் குழந்தையின் பருக்கள் 18ஆம் நாளில் தொடங்கியவை. இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் கன்னம், நெற்றி, முகவாயில் வந்தால் பெரும்பாலும் அது குழந்தைப் பருதான்.

கருவில் இருந்தபோது கிடைத்த ஹார்மோன்களால் குழந்தையின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த எண்ணெயை உண்டு வாழும் மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தோலிலும் உண்டு. அதற்குத் தோல் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்துதான் இந்தப் பருக்கள் என்று கருதப்படுகிறது. பெரியவர்களின் பருவில் தெரியும் கருமுள் இதில் இருக்காது. இளம் வயதுப் பருவைப் போல இது தழும்பும் விடாது.

நம் வீடுகளில் இது மோசமாவது பெரும்பாலும் கவனிப்பு கூடிப்போய்த்தான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம், முகத்திலும் தேய்க்கிறோம். பிறகு பயத்தமாவு, அதன் மேல் பவுடர், பவுடர் மேல் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. எண்ணெய் பூஞ்சைக்குத் தீனி. மாவின் சொரசொரப்பு ஏற்கெனவே சிவந்த தோலை உரசுகிறது. பவுடர் துகள் மூச்சில் போவது தனிக் கேடு.

உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கழுத்துக்கு மேல் மட்டும் நிறுத்துங்கள். முகத்தை ஒரு நாளைக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் வையுங்கள், திருஷ்டி அங்கேயும் கழியும்.

குழந்தை அழும்போதும் சூட்டிலும் பரு இன்னும் சிவப்பாகத் தெரியும். அதை வைத்து அதிகமாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், மூன்று நான்கு மாதத்துக்குள் சுத்தமாகப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘சிவப்புக்கான கிரீம்’ பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு நாள் சிவப்பு குறையும். நிறுத்தியதும் திரும்ப வரும், தோலும் மெலியும். பச்சிளங்குழந்தையின் முகத்தில் மருத்துவர் எழுதாத கிரீம் எதுவும் வேண்டாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் பரு, கருமுள்ளோடு அல்லது ஆழமான கட்டிகளோடு வரும் பரு, இரண்டும் வேறு வகை. தழும்பு விழ வாய்ப்புண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். நீர்கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக வந்தாலோ, சீழ்ப் புள்ளிகளோடு குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

[திரையில்: மூடிய இமை, பிடரி. ஒரு விரல் அழுத்தி எடுக்கிறது.]

இமையிலும் புருவங்களுக்கு நடுவிலும் பிடரியிலும் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டு, தோலின் மேல்பகுதியில் விரிந்து கிடக்கும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள். நாரை கொத்திய அடையாளம் என்பது மேலைநாட்டுக் கதை. நம் ஊரில் பழியை கிரகணத்தின் மேல் போடுவார்கள். கர்ப்பத்தில் தாய் எதைத் தொட்டதாலும், எந்த நேரத்தில் வெளியே போனதாலும் இது வருவதில்லை.

விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்து, ஓரிரு நொடியில் மீண்டும் சிவக்கும். அழும்போது அடர்ந்து தெரியும். இமையில் இருப்பது பொதுவாக இரண்டு வயதுக்குள் மங்கிவிடும். நெற்றியில் இருப்பது சற்று மெதுவாகப் போகும். பிடரியில் இருப்பது பலருக்கு வாழ்நாள் முழுக்க முடிக்கடியில் இருக்கும், அவர்களுக்கே தெரியாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. முகத்தின் ஒரு பக்கம் மட்டும், பெரும்பாலும் நடுக்கோட்டோடு நின்றுவிடும், ஒயின் நிறத்தில் அடர்ந்த திட்டு. அது மங்காது, குழந்தையோடு சேர்ந்து வளரும். நெற்றியிலோ மேல் இமையிலோ அது இருந்தால் கண்ணழுத்தத்தையும் நரம்பு மண்டலத்தையும் பரிசோதிக்க வேண்டும். அதனால் ‘போகிறதா பார்ப்போம்’ என்று மாதக்கணக்கில் விடாதீர்கள்.

[திரையில்: தோலின் குறுக்குவெட்டு. மேல்தோலுக்கு அடியில், ஆழத்தில், நிறமிச் செல்கள்.]

அடுத்தது, முதுகின் அடியிலும் பிட்டத்திலும் உள்ள நீலச் சாம்பல் திட்டு. தமிழ்க் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு இது இருக்கும். கருவளர்ச்சியின் ஆரம்பத்தில் நிறமிச் செல்கள் நரம்புமுகடு என்ற இடத்திலிருந்து கிளம்பி மேல்தோலுக்குப் பயணம் செய்கின்றன. சில செல்கள் வழியிலேயே, ஆழ்தோலில் தங்கிவிடும். அவற்றில் இருப்பதும் வழக்கமான பழுப்பு நிறமிதான். ஆனால் அது ஆழத்தில் இருப்பதால் மேலே உள்ள தோல் நீல ஒளியை அதிகம் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது, நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது.

தொட்டால் மேடு பள்ளம் இருக்காது, வலிக்காது, அழுத்தினால் வெளுக்காது. முதல் ஒன்றிரண்டு ஆண்டில் மங்கத் தொடங்கி, பள்ளிக்குப் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். தேய்த்துப் போக்க முடியாது.

திட்டு இருக்கும் அதே இடத்தில் முதுகின் நடுக்கோட்டில் ஆழமான குழி, முடிக்கொத்து, மெத்தென்ற கட்டி ஏதாவது இருந்தால், அவற்றுக்காக மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது முதல் மூன்று மாதங்களில்தான் எளிது. பிறகு எலும்பு இறுகிவிடும்.

[திரையில்: கணுக்கால். இடப்பக்கம் நீலத் திட்டு, வலப்பக்கம் ரத்தக்கட்டு. இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோல.]

இனி கணுக்கால். கை, கால், தோள்பட்டையிலும் நீலத் திட்டு வரும். ஆனால் அங்கே வருவது ரத்தக்கட்டு என்று எளிதில் தவறாக நினைக்கப்படும். வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனால் சங்கடம் வரலாம். இந்தத் திட்டை அறியாதவர் குழந்தை அடிபட்டிருக்கிறது என்று நினைத்துப் புகார் செய்தால் விசாரணை தொடங்கிவிடும்.

அழுத்திப் பார்ப்பது இங்கே உதவாது, இரண்டுமே வெளுக்காது. நாள்தான் பிரித்துக் காட்டும். ரத்தக்கட்டு ஊதா, பச்சை, மஞ்சள் என்று சில நாட்களில் நிறம் மாறி மறையும், தொட்டால் குழந்தை சிணுங்கலாம். நீலத் திட்டு வாரங்கள் ஆனாலும் அப்படியே இருக்கும்.

நம் குழந்தையின் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பிறந்த ஓரிரு நாளில் எடுத்த படங்களைத் தேடுவது. இரண்டாம் நாள் படத்தில் கணுக்காலில் அதே இடத்தில், அதே வடிவில் திட்டு தெரிகிறது. 18 நாளாக நிறம் மாறவில்லை. இது பிறவித் திட்டு, விசாரணை முடிந்தது.

படத்தில் இல்லை என்றால்? அப்போது நிறம் மாறுகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. புரளக்கூடத் தெரியாத 20 நாள் குழந்தைக்குக் காரணமில்லாமல் ரத்தக்கட்டு வராது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பதாக இருக்கும். தாய்ப்பாலில் அந்தச் சத்து மிகக் குறைவு. தொடையில் போடும் அந்த 1 மில்லிகிராம் ஊசி தவறிப்போன குழந்தைக்கு, இரண்டாவது வாரத்துக்குப் பிறகும் ரத்தம் உறையாமல் கசியலாம். தோலில் தெரியும் சின்ன ரத்தக்கட்டு, மூளைக்குள் கசிவதற்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலும் இதே அவசரம்தான்.

[திரையில்: டிஸ்சார்ஜ் சம்மரியின் மாதிரித் தாள்.]

ஆகவே, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் குழந்தையின் முன்பக்கம், பின்பக்கம், கை கால்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். ஒவ்வொரு திட்டின் பக்கத்திலும் ஒரு டேப்பை வைத்து அளவு தெரிய எடுத்தால் இன்னும் நல்லது. நீலத் திட்டுகள் எங்கே இருக்கின்றன, எத்தனை சென்டிமீட்டர் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பிரிட்டனில் இருந்தால் குழந்தைக்குத் தரப்படும் ரெட் புக்கில் குறிக்கச் சொல்லுங்கள். வைட்டமின் கே போட்ட தேதியும் அதே தாளில் இருக்கிறதா என்று கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.