நூற்றுக்கு ஒன்றரை என்றால் வருடத்துக்கு எத்தனை வீதம்?

வணக்கம் நேயர்களே. பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் எடுத்து வையுங்கள். இன்றைக்குக் கொஞ்சம் கணக்குப் போடப் போகிறோம்.

சீட்டுக் காசில் கடன் கொடுப்பவர்கள் வட்டியை மாதத்துக்குத்தான் சொல்வார்கள். “நூற்றுக்கு ஒன்று ஐம்பது” என்றால், நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் 50 சதம். வங்கிக்குப் போனால் அங்கே வருடத்துக்கு இத்தனை வீதம் என்று பலகையில் எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், மாத வட்டியை வருட வட்டியாக மாற்றத்தான் வேண்டும்.

வாய்க்கணக்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் 25 சதம் என்றால் வருடத்துக்கு 3 ரூபாய், அதாவது 3 வீதம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 50 சதம் என்றால் 6 வீதம், 75 சதம் என்றால் 9, ஒரு ரூபாய் என்றால் 12. ஒன்றரை ரூபாயில் ஆறு 25 சதம் இருக்கிறது. ஆறு மூன்று பதினெட்டு. ஆக, வருடத்துக்கு 18 வீதம்.

இந்தியாவில் இருக்கும் உறவினர்களோடு சேர்ந்து அங்கே சீட்டுப் போடுபவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே சதத்துக்குப் பதில் பைசா. “நூற்றுக்கு 75 பைசா” என்று சொன்னால் நாம் போட்ட அதே கணக்குத்தான், 9 வீதம். ஆனால் “இரண்டு பைசா வட்டி” என்று வெறுமனே சொன்னால், அது நூறு ரூபாய்க்கு அல்ல, ஒரு ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா. அப்படியென்றால் நூற்றுக்கு இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 வீதம். கேட்டவர் அதை நூறு ரூபாய்க்கு இரண்டு பைசா என்று எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு நூற்றுக்கு 24 பைசாதான் வரும். அந்த வட்டிக்கு ஒருவரும் கடன் கொடுக்கமாட்டார்கள். கணக்கு அப்படிச் சிறுத்து வந்தால், ரூபாயையும் நூறையும் மாற்றிப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதுவரை சொன்னது சுலபம். இனித்தான் முக்கியமான இடம். 18 வீதம் என்ற விடை சரியாக இருக்க வேண்டுமென்றால், கையில் இருக்கிற முதலுக்கு மட்டும் வட்டி வாங்க வேண்டும். சீட்டுக் கடனில் பல இடங்களில் அப்படி நடப்பதில்லை.

சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு அக்கா ஒரு இலட்சம் ரூபாய் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு ஒன்றரை. பத்து மாதத் தவணை. அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கு இது: ஒரு இலட்சத்துக்கு மாத வட்டி 1,500 ரூபாய், முதலைத் திருப்பிக் கட்ட மாதம் 10,000 ரூபாய், ஆக மாதம் 11,500 ரூபாய் பத்து மாதத்துக்கு. மொத்த வட்டி 15,000 ரூபாய்.

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். கொப்பியில் மாதமாதமாக மிச்ச முதலை எழுதிப் பாருங்கள். முதல் மாதம் அவர் கையில் இருந்தது ஒரு இலட்சம். இரண்டாம் மாதம் 90,000. மூன்றாம் மாதம் 80,000. அப்படியே இறங்கி, பத்தாம் மாதம் மிச்சம் 10,000 ரூபாய் மட்டும். அந்த 10,000 ரூபாய்க்கும் அவர் கட்டுவது அதே 1,500 ரூபாய். அதாவது கடைசி மாதம் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் வட்டி! திருப்பிக் கொடுத்துவிட்ட காசுக்கும் அவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படியென்றால் உண்மையான வருட வட்டி எவ்வளவு? முதல் மாத மிச்சத்தையும் கடைசி மாத மிச்சத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒரு இலட்சமும் பத்தாயிரமும் சேர்ந்தால் 1,10,000, அதில் பாதி 55,000. பத்து மாதமும் சராசரியாக அவர் கையில் இருந்த காசு இவ்வளவுதான். 1,500ஐ 55,000ஆல் பிரித்து நூறால் பெருக்கினால் 2.73 வரும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 32.7 வீதம்.

இது மதிப்புக் கணக்கு. வங்கிகள் செய்வதுபோல ஒவ்வொரு தவணையையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட்டால் 31.5 வீதம் அளவில் வரும். அந்த முறையில் 11,500 ரூபாய்த் தவணையில் தொடக்க மாதங்களில் வட்டிப் பங்கு கூடுதலாகப் போகும், முதல் சற்று மெதுவாகக் குறையும். அதனால் சராசரி மிச்சம் 55,000ஐ விடக் கொஞ்சம் கூடுதல். ஒன்றேகால் வீதம் அளவில் வரும் இந்த வித்தியாசத்துக்காகத் தலையை உடைக்கத் தேவையில்லை. 18 என்று சொன்ன வட்டி 30ஐத் தாண்டுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதே அக்காவிடம், முதல் குறையக் குறைய வட்டியும் குறைத்து வாங்கியிருந்தால் முதல் மாதம் 1,500, அடுத்த மாதம் 1,350, பிறகு 1,200 என்று இறங்கிக் கடைசி மாதம் வெறும் 150 ரூபாய். மொத்த வட்டி 8,250 ரூபாய். 15,000க்கும் இதற்கும் இடையில் 6,750 ரூபாய் வித்தியாசம். இந்த இரண்டு விதமாக வட்டி வாங்குபவர்களுமே “நூற்றுக்கு ஒன்றரை” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே காசை வாங்க முன்னம் கேட்க வேண்டிய கேள்வி, “அண்ணை, முதல் குறையக் குறைய வட்டியும் குறையுமோ, இல்லை கடைசி மட்டும் ஒரே வட்டியோ?” பதில் “ஒரே வட்டி” என்றால், சொன்ன வருட வட்டியைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். தவணை பத்து மாதத்துக்கு மேல் போனாலும் இந்தக் கணிப்பு பெரிதாகப் பிழைக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்த கடனுக்கு இது பொருந்தாது. அங்கே மிச்சத்தை எழுதிச் சராசரி எடுப்பதே சரி.

வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு காசு தருபவர்களும் உண்டு. 15,000ஐப் பிடித்துவிட்டு 85,000 ரூபாயைக் கையில் தந்து, மாதம் 10,000 வீதம் பத்து மாதம் வாங்குவார்கள். மாதத் தவணை குறைந்ததுபோல இருக்கும். உண்மையில் வருட வட்டி 37 வீதத்தைத் தொடும், ஏனென்றால் கைக்கு வராத 15,000 ரூபாய்க்கும் சேர்த்துத்தான் வட்டி போடப்பட்டிருக்கிறது. கணக்குப் போடும்போது கடன் என்று எழுதிய தொகையை விட்டுவிட்டு, கையில் எண்ணி வாங்கிய தொகையை எழுதுங்கள்.

மாதம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு கிழமைக்கு ஒருதரம் வாங்கினால் வருடத்தில் பன்னிரண்டு தரம் இல்லை, பதின்மூன்று தரம் வாங்குகிறார்கள். அப்போது ஒன்றரையைப் பதின்மூன்றால் பெருக்க வேண்டும், 19.5 வீதம் வரும். வட்டி கட்டத் தவறிய மாதத்தில் அந்த வட்டியை முதலோடு சேர்த்துவிட்டாலும் கணக்கு மாறும். ஒரு வருடம் முழுக்க ஒன்றும் கட்டாமல் விட்டால், ஒரு இலட்சம் 1,18,000 ஆகாது, 1,19,562 ஆகும்.

கொப்பியில் மூன்று வரிசை போடுங்கள்: மாதம், கட்டிய காசு, மிச்ச முதல். மிச்ச முதலை ஒவ்வொரு தவணையிலும் சீட்டுப் பிடிக்கிறவரின் கொப்பியோடு ஒத்துப் பார்த்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.