நாளை விடுமுறையா?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு செய்தி அறையில் பல வருடங்களாக இரவுப் பணி பார்க்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் மேசைத் தொலைபேசியில் அதிகமாக வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், நாளைக்கு லீவாமே, உண்மையா?" கேட்பவர் கையில் ஃபார்வர்டு செய்யப்பட்ட ஒரு செய்தி இருக்கும், பெரும்பாலும் ஒரு படத்தோடு. அதை எப்படிச் சரிபார்ப்பது என்று இன்று சொல்கிறேன்.

முதலில், இப்படி வரும் எல்லாச் செய்தியையும் "சும்மா கிளப்பிவிட்டது" என்று ஒதுக்க முடியாது. ராத்திரியோடு ராத்திரியாக விடுமுறை அறிவிப்பது உலகத்தில் நடக்கிற காரியம்தான். 2022 உலகக் கோப்பைக் கால்பந்தில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை வென்றது நவம்பர் 22ஆம் தேதி. அன்றே அந்நாட்டு மன்னர், மறுநாள் பொது விடுமுறை என்று அறிவித்தார். அதே கோப்பையை டிசம்பரில் வென்ற அர்ஜென்டினாவும் 20ஆம் தேதியை விடுமுறையாக்கியது. அந்த ஆணை வந்தது முந்தைய நாள்தான். அந்த அறிவிப்புகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசின் பெயரிலேயே வந்தன, எந்தத் தேதி, யார் யாருக்கு என்று சொல்லியே வந்தன. சவுதியில் அரசு ஊழியர், தனியார் ஊழியர், மாணவர் என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னார்கள்.

ஆகவே "இப்படி நடக்குமா?" என்று கேட்பதில் பயனில்லை. "எந்தத் தேதி, யாருக்கு, யார் சொன்னது?" என்று கேட்க வேண்டும். என் அனுபவத்தில் நான் பார்த்த தவறான விடுமுறைச் செய்திகளில் பெரும்பாலானவை முழுக்கக் கற்பனை அல்ல. எப்போதோ, எங்கோ, யாருக்கோ உண்மையாக இருந்த அறிவிப்புகள். தேதியும் எல்லையும் உதிர்ந்துபோய் மறுபடி சுற்றுகின்றன. அதனால்தான் அவற்றில் முத்திரை சரியாக இருக்கும், கையெழுத்து சரியாக இருக்கும், நடையும் அரசு நடையாகவே இருக்கும். பார்த்தவுடன் நம்பிவிடுகிறோம்.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். 2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா கூப்பிட்டார். மகனுக்கு மறுநாள் காலை செய்முறைத் தேர்வு. குடும்பக் குழுவில் ஒரு படம் வந்திருக்கிறது. "நாளை அனைத்துக் கல்வி நிறுவனங்களுக்கும், அலுவலகங்களுக்கும் பொது விடுமுறை. எல்லோருக்கும் பகிருங்கள்" என்று மேலே எழுத்து, கீழே ஒரு ஆணையின் படம். பையன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டான். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கம்மா, நீங்களும் திறந்து வையுங்க, சேர்ந்து பார்க்கலாம்" என்றேன்.

முதலில் மேலே இருந்த எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் படிக்கச் சொன்னேன். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. படம் ஓர் அலுவலகத்திலிருந்து வந்திருக்கலாம், மேலே உள்ள வரி யாரோ ஒருவர் அவசரத்தில் தட்டியதாக இருக்கலாம். "நாளை" என்ற சொல் அந்த மேல் வரியில்தான் இருந்தது. படத்துக்குள் "12.11 செவ்வாய்க்கிழமை" என்று இருந்தது. வருடம் இல்லை.

அந்த அம்மா மெதுவாகப் படித்துவிட்டு, "சார், இன்னைக்குத்தானே செவ்வாய்?" என்றார்.

அதுதான். அன்று செவ்வாய், தேதி 11. மறுநாள் 12, புதன். ஆணை சொல்லும் 12ஆம் தேதியோ செவ்வாய்க்கிழமை. சாதாரண வருடத்தில் 365 நாள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் ஒரே தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளி விழும். நடுவில் பிப்ரவரி 29 வந்துவிட்டால் இரண்டு கிழமை தள்ளும். 2025இல் புதனாக இருக்கும் நவம்பர் 12, 2024இல் செவ்வாயாக இருந்தது. போன வருடத்து ஆணையாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியது.

தோன்றினால் போதாது இல்லையா? 2019லும் நவம்பர் 12 செவ்வாய்தான். தேதியும் கிழமையும் ஐந்து, ஆறு அல்லது பதினொரு வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி சேரும். அதனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கிழமை பொருந்தாவிட்டால் படம் நாளைக்கானது அல்ல என்று சந்தேகப்பட வலுவான காரணம் கிடைக்கிறது. பொருந்தினால் எதுவும் உறுதியாகிவிடாது, அடுத்த அடையாளத்தைத் தேட வேண்டும்.

தேடினோம். ஆணைகளில் மேலே ஓரத்தில் ஓர் எண்ணும், அதோடு தேதியும் இருக்கும். இந்தப் படத்தில் மேற்பகுதி வெட்டப்பட்டிருந்தது. எண்ணின் வால்பகுதி மட்டும் தெரிந்தது, ஒரு சாய்கோடும் "20" என்ற இரண்டு இலக்கமும். வெட்டியவர் ஏமாற்ற நினைத்தார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கைபேசியில் எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று மேலும் கீழும் வெட்டி அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். பெரும்பாலும் வருடம் காணாமல் போவது அப்படித்தான்.

பிறகு கீழே போகச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிற அதிகாரிகள் பலர் அதன் அடியிலேயே பொடி எழுத்தில் தேதி போடுவார்கள். மேற்பகுதியை வெட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கியதும் மை கொஞ்சம் பரவியிருந்தாலும் தெரிந்தது: 11.11.24.

சரி, வருடம் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆணையை முழுதாகப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் கனமழை காரணமாக ஒரே ஒரு மாவட்டத்தில் உள்ள பள்ளிகளுக்கு மட்டும் என்று இருந்தது. கல்லூரி இல்லை, அலுவலகம் இல்லை, "பொது விடுமுறை" என்ற சொல்லே இல்லை. மழைக்காகப் பள்ளிக்கு விடும் விடுமுறை வேறு, வங்கி விடுமுறை வேறு, பொது விடுமுறை வேறு. ஒவ்வொன்றையும் அறிவிக்கும் அதிகாரமும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒரு மாவட்ட அதிகாரி நாடு முழுக்க அலுவலகங்களை மூட முடியாது. கையெழுத்துக்குக் கீழே உள்ள பதவியைப் படித்து, "இவர் இத்தனை பேருக்கு விடுமுறை விட முடியுமா?" என்று ஒரு முறை யோசித்தாலே பல செய்திகள் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் அந்த அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார். "மேல ரெண்டு அம்புக்குறி இருக்கே சார், அப்படின்னா பொய்யா?" இல்லை. வாட்ஸாப்பில் அந்த இரட்டை அம்புக்குறிக்கு, செய்தி முதலில் அனுப்பியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு அனுப்பியவர் இதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை, அவ்வளவுதான். உண்மையான அறிவிப்பிலும் அந்தக் குறி வரும். மறுபக்கம், குறி இல்லை என்பதும் சான்று அல்ல. எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலோ, படத்தைச் சேமித்துப் புதிதாக அனுப்பினாலோ குறி போய்விடும்.

இவ்வளவும் செய்தியின் உள்ளேயே பார்க்கக்கூடியவை. பழைய படம் என்று காட்ட இவை போதும். ஆனால் நாளைக்கு உண்மையிலேயே விடுமுறை உண்டா இல்லையா என்பதற்கு வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும். அறிவிக்கும் அதிகாரம் உள்ள அலுவலகத்தின் இணையதளத்துக்கு நீங்களே முகவரி தட்டிப் போங்கள். செய்தியில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். அது உங்களை எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. இரவு நேரத்தில் இணையதளங்களில் ஆணை ஏறக் கொஞ்சம் தாமதமாகலாம். அப்போது அந்த அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தையும், வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளையும் பாருங்கள். தொலைக்காட்சித் திரையின் படம் என்று யாராவது அனுப்பினால், அந்தத் தொலைக்காட்சியின் பக்கத்துக்கே போய் அதே செய்தி இன்றைய தேதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். தொலைக்காட்சித் திரை போலவே ஒரு போலிப் படம் தயாரிக்க ஒரு நிமிடம் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். நாடு முழுவதற்கும் நாளை விடுமுறை என்றால் அந்தச் செய்தி ஒரே படமாக வராது. ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தன் சொந்த வாக்கியத்தில் எழுதியிருக்கும், பேருந்து, வங்கி, தேர்வு என்று தொடர் செய்திகள் வந்திருக்கும். ஐம்பது குழுக்களில் வந்தாலும் ஐம்பதிலும் ஒரே படம், ஒரே எழுத்துப்பிழை என்றால், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சான்றுதான்.

கடைசியாக, உண்மையாகவே விடுமுறை என்றாலும் உங்கள் இடத்துக்கு அது பொருந்துமா என்பது தனிக் கேள்வி. மருத்துவமனையும் மின்வாரியமும் இயங்கும். சில நிறுவனங்கள் வேலை நாளை மாற்றிக்கொள்ளும். தேர்வு தள்ளிப்போனதா என்பதைத் தேர்வு நடத்துகிறவர்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் வகுப்பாசிரியரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். நேரமாகிவிட்டதே என்று தயங்கினார். "கேளுங்கம்மா, தப்பில்லை" என்றேன். யாரும் கிடைக்காமல், எதுவும் தெளியாமல் படுக்கப் போக வேண்டி வந்தால், விடுமுறை இல்லை என்று வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராகுங்கள். பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பினால் ஒரு மணி நேரம்தான் போகும். தேர்வைத் தவறவிட்டால் சில நேரம் ஒரு வருடமே போய்விடும்.

பத்தே காலுக்கு அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். தேர்வு உண்டு என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம், பையன் படிக்க உட்கார்ந்துவிட்டானாம். "குழுவுல என்ன சார் எழுதுறது? எங்க நாத்தனார்தான் அனுப்பினாங்க, வருத்தப்படக் கூடாது" என்றார். படத்தைத் திரும்ப அனுப்பாமல், அந்தச் செய்திக்கே பதிலாக இப்படி எழுதச் சொன்னேன்: "அண்ணி, இது 2024 நவம்பர் 11 அன்று ஒரு மாவட்டத்துப் பள்ளிகளுக்கு மட்டும் வந்த ஆணை. கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கிறது. நாளை பள்ளி உண்டு, ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன்."

அரை மணி நேரத்தில் நாத்தனார் அந்தப் படத்தை எல்லோருக்குமாக நீக்கிவிட்டார். தான் அனுப்பிய மற்ற மூன்று குழுக்களிலும் அதே பதிலைப் போட்டுவிட்டதாகவும் சொன்னாராம்.

நன்றி, வணக்கம்.