பந்தியில் இருக்கிறதா, உங்கள் மண்டையில் இருக்கிறதா?

வணக்கம் எல்லாருக்கும். சத்தம் கேட்டால் மன்னியுங்கள், ஹட்டனில் மத்தியானத்திலிருந்து மழை, மேலே தகரக் கூரை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் இப்போதுதான் போனார்கள். கரும்பலகையைக்கூட அழிக்கவில்லை, அதை வைத்தே பேசுகிறேன்.

சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்குக் கிரகித்தல் செய்தோம். பந்தியை நானே எழுதினேன். வேண்டுமென்றே தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதினேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வாசிக்கிறேன், கேளுங்கள்.

"மாலை நாலரை மணி. கொழுந்து மடுவத்தில் வரிசை நின்றது. செல்வியின் பை தராசில் ஏறியதும் கணக்கப்பிள்ளை 14 கிலோ என்று சத்தமாக வாசித்தார். ஈரம் என்று சொல்லி 2 கிலோவைக் கழித்து மீதியைப் புத்தகத்தில் எழுதினார். செல்வி எதுவும் பேசவில்லை. படங்கை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தாள். வாசலுக்கு மகள் ஓடி வந்தாள். 'அம்மா, இன்றைக்காவது கொப்பி வாங்கலாமா?' செல்வி அவள் தலையைத் தடவினாள். 'அடுத்த மாதம் அப்பாவும் கொழும்பிலிருந்து வருவார், பார்ப்போம்' என்றாள்."

அவ்வளவுதான். இதற்குக் கீழே சில கூற்றுகள் கொடுத்து, ஒவ்வொன்றும் பந்தியில் சொல்லப்பட்டதா, ஊகிக்கக்கூடியதா, இரண்டும் இல்லையா என்று எழுதச் சொன்னேன்.

முதல் கூற்று, புத்தகத்தில் 12 கிலோ எழுதப்பட்டது. பாதிப் பேர் "சொல்லப்பட்டது" என்று எழுதினார்கள். தேடிப் பாருங்கள், 12 என்ற எண் பந்தியில் எங்கேயும் இல்லை. 14 இருக்கிறது, 2 இருக்கிறது, மீதியை எழுதினார் என்று இருக்கிறது. 12 நாம் போட்ட கணக்கு. ஆனால் வேறு விடை வரவே வராது, அதனால் இது ஊகத்திலேயே ஆக உறுதியான வகை. ஊகம் என்றாலே 'இருந்தாலும் இருக்கலாம்' என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அது சரியில்லை. பந்தி நம்மைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகிற ஊகமும் உண்டு.

இரண்டாவது, செல்விக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. இதில்தான் வகுப்பே சறுக்கியது. ஒருவர் பாக்கி இல்லாமல் "ஊகிக்கலாம்" என்று எழுதினார்கள், காரணமும் எழுதினார்கள், 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், செல்விக்கு 12தானே என்று. சரி, அந்த 18 எங்கிருந்து வந்தது? அம்மாவிடமிருந்து வந்தது, பக்கத்து லயத்து அக்காவிடமிருந்து வந்தது. பந்தியிலிருந்து வரவில்லை. செல்வியின் தோட்டத்தில் எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

தோட்டத்தைப் பற்றி எழுதியதற்குக் காரணம் இதுதான். துருவக் கரடியைப் பற்றிப் பந்தி கொடுத்தால் பிள்ளைகள் கவனமாக வாசிப்பார்கள், ஏனென்றால் கரடியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பந்தியை விட்டால் கதியில்லை. கொழுந்து மடுவம் என்றால் வாசிக்கவே தேவையில்லாத மாதிரி இருக்கிறது, முதல் வரியிலேயே மீதி எல்லாம் மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதற்காக வெளியறிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படங்கு என்றால் கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுவது என்று தெரியாவிட்டால், அதை அவிழ்த்ததிலிருந்து அன்றைய வேலை முடிந்தது என்று ஊகிக்க முடியாது. சொல்லுக்கு அர்த்தம் கொடுக்கிற அறிவைத் தாராளமாகக் கொண்டு வரலாம். பந்தியில் இல்லாத ஒரு விவரத்தை, அதுவும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற ஒரு எண்ணை, கொண்டுவந்து சொருகக்கூடாது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் சொல்லிக்கொடுக்கிற வழி ஒன்றுதான். கூற்றை மறுத்து, பந்தியின் கடைசியில் ஒட்டி வாசித்துப் பாருங்கள். "அன்று செல்விக்கு முழுப்பேரே விழுந்தது." இதை ஒட்டினால் பந்தி உடைகிறதா? உடையவில்லை, அந்தத் தோட்டத்தில் 12 கிலோவுக்கே முழுப்பேர் போடுகிறார்களோ என்னவோ, கதை அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் அரைப்பேர் என்ற கூற்றை விட்டுவிடுங்கள். இப்போது "புத்தகத்தில் 13 என்று எழுதினார்" என்று ஒட்டுங்கள். உடனே முட்டுகிறது. நடுவிலும் ஒன்று உண்டு, உடையாது, ஆனால் நெருடும். "அன்று மாலையே செல்வி கொப்பி வாங்கிக் கொடுத்தாள்" என்று ஒட்டிப் பாருங்கள். நடக்கவே முடியாதது என்று சொல்ல முடியாது, ஆனால் அடுத்த மாதம், பார்ப்போம் என்றவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று இன்னொரு வரி எழுதினால்தான் ஒட்டும். அப்படி நெருடினால், இன்றைக்குக் கொப்பி இல்லை என்பது பந்தி உணர்த்துகிற விஷயம், தாராளமாக எழுதலாம். ஆனால் "ஊகிக்கலாம்" என்றுதான் எழுத வேண்டும், "கூறப்படுகிறது" என்று எழுதினால் தப்பு.

வினாவில் வருகிற சொல்லையும் பாருங்கள். குறிப்பிடப்படுவது எது, கூறப்படுவது எது என்று கேட்டால் வரியில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். உணர்த்துவது, புலப்படுவது, ஊகிக்கக்கூடியது என்று கேட்டால் விரல் வைக்கிற வரியும் வேண்டும், அதிலிருந்து ஒரு அடி எடுத்தும் வைக்க வேண்டும். ஒரு அடி. மூன்று அடி வைத்தால் பந்தியை விட்டு வெளியே போய்விடுவீர்கள்.

இந்த ஒரு அடிக்கு நம் தமிழில் குட்டிக் குட்டிச் சொற்கள் உதவி செய்கின்றன, அவசரத்தில் வாசிக்கிறவர்கள் அதையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறார்கள். "இன்றைக்காவது" என்கிறாள் மகள். அந்த 'ஆவது' சும்மா வரவில்லை. "இன்றைக்குக் கொப்பி வாங்கலாமா" என்றால் முதல் தடவை கேட்கிறாளா பத்தாவது தடவையா என்று தெரியாது. 'ஆவது' வந்ததும், இதற்கு முன்னும் எதிர்பார்த்தாள், கிடைக்கவில்லை என்பது உறுதியாகிவிடுகிறது. ஆனால் இதிலும் ஒரு நூலிழை இருக்கிறது. "மகள் இதற்கு முன்னும் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்" என்று எழுதினால்? வாய் திறந்து கேட்டிருக்கலாம், அல்லது அம்மாவே வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எதிர்பார்த்தாள் என்பது உறுதி, கேட்டாள் என்பது அதைவிடக் கொஞ்சம் தளர்வு. பலவுள் தேர்வில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதிர்பார்த்தாள் என்பதை எடுங்கள்.

"அப்பாவும்" என்பதில் இருக்கிற 'உம்' அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. ஒரு பையன் எழுதியிருந்தான், அப்பாவோடு இன்னொருவரும் வருகிறார் என்று. அப்படியும் எடுக்கலாம். ஆனால் அடுத்த மாதம் சம்பளமும் வரும், அப்பாவும் வருவார் என்ற நினைப்பில் அவள் சொல்லியிருந்தாலும் அதே 'உம்'தான் வரும். இரண்டு வழி திறந்திருக்கிறபோது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு விடை எழுதக்கூடாது. அப்புறம் அப்பா கொழும்பில் கடையில் வேலை செய்கிறார் என்று எட்டுப் பேர் எழுதினார்கள். கொழும்பிலிருந்து வருவார் என்பதுதான் பந்தி, கடையை அவர்களே திறந்துவிட்டார்கள்.

ஐஈஎல்டிஎஸ் எழுதுகிறவர்கள் சிலர் இந்தக் காணொளிகளைப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று வருகிறதே, அதில் குழப்பமே இந்த இடத்தில்தான். பந்தி கூற்றோடு முட்டினால் ஃபால்ஸ், பந்தி வாயே திறக்காவிட்டால் நாட் கிவன். செல்விக்கு அரைப்பேர் என்பது ஃபால்ஸ் இல்லை, நாட் கிவன்.

சரி, கடைசிக் கூற்று. செல்வியின் கொழுந்து ஈரமாக இருந்தது. இதற்கு எல்லாரும் "சொல்லப்பட்டது" என்று போட்டார்கள், ஒரு பிள்ளையைத் தவிர. அந்தப் பிள்ளை பின் வாங்கில் இருக்கும், அதிகம் பேசாது. ஏன் இல்லை என்று எழுதினாய் என்று கேட்டேன். "மிஸ், ஈரமென்று அவர்தானே சொன்னார், கதை சொல்லவில்லையே" என்றது. நான் சோக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஈரத்துக்காக 2 கிலோவைக் கழித்தார்" என்று நான் எழுதியிருந்தால் ஈரத்துக்குப் பந்தியே பொறுப்பு. "ஈரம் என்று சொல்லி" என்று எழுதியதும் பொறுப்பு கணக்கப்பிள்ளை தலைக்குப் போய்விடுகிறது. பந்தி சொல்வது அவர் அப்படிச் சொன்னார் என்பதை மட்டும். 'ஆம்' என்ற விகுதியும் இதே வேலையைத்தான் செய்யும், ஈரமாம் என்றால் நான் பார்க்கவில்லை, சொன்னார்கள் என்று அர்த்தம். எனக்கே சின்ன வயதில் இதில் புள்ளி போயிருக்கிறது, ஒருவர் சொன்னதைப் பந்தி சொன்னதாக எழுதிவிட்டு, விடைத்தாளில் 'யார் சொன்னது?' என்ற சிவப்பு மையோடு வீட்டுக்குப் போனேன்.

இதற்குள் முன் வாங்கில் ஒரு பையன் எழும்பிவிட்டான், அப்படியென்றால் கணக்கப்பிள்ளை பொய் சொல்கிறார் என்று எழுதலாமா மிஸ் என்று. எழுத முடியாது. "கொழுந்து நிஜமாகவே ஈரமாகத்தான் இருந்தது" என்று ஒட்டிப் பாருங்கள், பந்தி உடையவில்லை. "கொழுந்து காய்ந்துதான் இருந்தது" என்று ஒட்டுங்கள், அதற்கும் உடையவில்லை. ஈரமும் இல்லை, பொய்யும் இல்லை, இரண்டுக்கும் பந்தி வாய் திறக்கவில்லை. என் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அது வேறு கதை, என் அம்மாவும் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர்தான், ஆனால் விடைத்தாளில் அதற்கு இடமில்லை.

பின் வாங்குப் பிள்ளையிடம் இன்னொன்றும் கேட்டேன், செல்வி கோபமாக இருந்தாள் என்ற கூற்றுக்கு என்ன போட்டாய் என்று. அதற்கு மட்டும் "ஊகிக்கலாம்" என்று போட்டிருந்தது. பேசவில்லை என்று மட்டும்தானே இருக்கிறது, களைப்பாகவும் இருக்கலாம், பழகிப்போயும் இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தது. "எங்க அம்மா கோபமென்றால் இப்படித்தான் மிஸ் பேசாமல் இருப்பா" என்று சொல்லிவிட்டு, தானே அழித்துவிட்டு "இல்லை" என்று எழுதியது.